கேள்வியை மாற்றினோம், 92 சதவீதம் 57 ஆனது

கம்ப்ரசர் பராமரிப்புக் கையேடுகளைப் படித்துப் பதில் சொல்லும் ஒரு கருவியை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்திருந்தோம். வேலை இரண்டு கட்டமாக நடக்கும். பணியாளர் கேள்வியைத் தட்டச்சு செய்ததும் முதல் கட்டம் கையேடுகளைத் தேடி, பொருத்தமாகத் தெரியும் 5 பத்திகளை எடுத்துக் கொடுக்கும். இரண்டாம் கட்டத்தில் ஒரு மொழி மாதிரி அந்த 5 பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு பதிலை எழுதும். பதில்கள் அடிக்கடி தப்பாக வருவதாகப் புகார் வந்தது. எழுதும் மாதிரிதான் சரியில்லை, வேறு மாதிரிக்கு மாறலாம் என்று எங்களில் இருவர் சொன்னார்கள். எனக்குத் தேடல்மேல்தான் சந்தேகம். ஆனால் என்னிடமும் சந்தேகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சரியான பத்தி அந்த 5-க்குள் வரவே இல்லையென்றால், எப்பேர்ப்பட்ட மாதிரியும் சரியான பதிலை எழுத முடியாது. ஆகவே பதிலை மறந்துவிட்டு, பத்தி வந்ததா வரவில்லையா என்பதை மட்டும் தனியாக அளப்பது என்று முடிவு செய்தோம். இதற்கு இருப்பதிலேயே எளிய அளவுகோல் ஹிட் ரேட். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் பதில் இருக்கும் பத்தி எது என்று கையால் குறித்துவைக்க வேண்டும். பிறகு தேடலை ஓட்டி, முதல் 5 முடிவுகளுக்குள் அந்தப் பத்தி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று போட வேண்டும். கூட்டிக் கேள்வி எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ஹிட் ரேட். 5 என்ற எண்ணை நாங்கள் சும்மா எடுக்கவில்லை. எழுதும் கட்டத்துக்குப் போவது 5 பத்திகள், அதனால்தான் 5. பத்துப் பத்திகள் அனுப்பும் கருவி என்றால் பத்தில்தான் அளக்க வேண்டும்.

முதல் தொகுப்பு

முதல் கேள்வித் தொகுப்பை நானே ஒரு மதியத்தில் எழுதி முடித்தேன். கையேட்டைத் திறப்பேன், ஒரு பத்தியைப் படிப்பேன், அதற்கு ஒரு கேள்வி எழுதுவேன், அந்தப் பத்தியின் எண்ணைப் பக்கத்தில் குறிப்பேன். 40 கேள்விகள் சேர்ந்தன. 37 கேள்விகளுக்குச் சரியான பத்தி முதல் 5-க்குள் வந்தது. அதாவது 92.5 சதவீதம். என் சந்தேகம் அன்றைக்கே செத்துவிட்டது. எழுதும் மாதிரியை மாற்றினோம். புகார் நிற்கவில்லை.

கோளாறு எங்கே என்பது, அந்த 40 கேள்விகளையும் பணியாளர்கள் உண்மையில் தட்டச்சு செய்திருந்தவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. கையேட்டில் ஒரு பத்தி ‘வெளியேற்ற அழுத்தம் நிர்ணயித்த அளவை எட்டாமை’ என்று தொடங்குகிறது. நான் எழுதிய கேள்வி: ‘வெளியேற்ற அழுத்தம் நிர்ணயித்த அளவை எட்டாவிட்டால் எதைச் சோதிக்க வேண்டும்?’ ஒரு பணியாளர் அதே கோளாறுக்குத் தட்டச்சு செய்திருந்தது: ‘மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு, காத்து ஏறவே மாட்டேங்குது.’ என் கேள்வி பத்தியின் நகல்தான். பத்தியைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதினால் பத்தியின் சொற்கள்தான் கைக்கு வரும், எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும். அப்படிப்பட்ட கேள்விகளால் அளந்தால், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதே வாக்கியத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் நடக்கிறது.

இரண்டாவது தொகுப்பை வேறு வழியில் செய்தோம். மூன்று பணியாளர்களிடம் கையேட்டைக் காட்டாமல், சமீபத்தில் எந்தெந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், அப்போது என்ன கேட்டிருப்பீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டோம். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. 60 கேள்விகள் கிடைத்தன. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பதில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தேட வேண்டும். இந்த இடத்தில் சோம்பல் வரும். கருவியையே ஓட்டி, அது காட்டும் முதல் பத்து முடிவுகளில் சரியானதைக் குறித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கருவி கண்டுபிடித்தது மட்டும்தான் சரியான விடை என்று ஆகும். அதற்குத் தெரியாத பத்தி நமக்கும் தெரியாமலே போகும், ஹிட் ரேட் தானாக உயர்ந்து நிற்கும். அதனால் கையேட்டின் பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் வைத்து, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து தேடினார். 60 கேள்விகளுக்கு இரண்டு நாள் ஆனது. மொத்த வேலையில் அலுப்பானதும் பயன் அதிகமானதும் இந்த இரண்டு நாள்தான்.

6 கேள்விகளுக்குக் கையேடுகளில் பதிலே இல்லை. இல்லாத பத்தியை எடுக்கவில்லை என்று தேடலைக் குறை சொல்ல முடியாது என்பதால் அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். தூக்கிப் போடவில்லை, தனிக் கோப்பில் வைத்தோம். பதில் இல்லாதபோது கருவி ‘தெரியவில்லை’ என்று சொல்கிறதா என்று பின்னால் சோதிக்க அவை வேண்டும். மீதம் 54.

அந்த 54-இல் முதல் 5-க்குள் சரியான பத்தி வந்தது 31-க்கு. 57 சதவீதம். அதே கருவி, அதே கையேடுகள். கேள்விதான் மாறியிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்தே பார்த்தோம். முதல் 20 வரை நீட்டினால் 43 கேள்விகளுக்குப் பத்தி கிடைத்தது. ஆக 12 கேள்விகளுக்குச் சரியான பத்தி ஆறாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவே எங்கோ கிடக்கிறது. 11 கேள்விகளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. முன்னது வரிசைப்படுத்தும் சிக்கல், பின்னது தேடலே தொடாத சிக்கல். இரண்டுக்கும் மருந்து வேறு.

தவறிய 23

சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தவறிய 23 கேள்விகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கேள்வி, வந்த 5 பத்திகள், வந்திருக்க வேண்டிய பத்தி என்று மூன்றையும் ஒரே திரையில் வைத்துப் படித்தோம்.

முதலில் கண்ணில் பட்டது எங்கள் தப்பு. 4 கேள்விகளுக்குத் தேடல் எடுத்த பத்தியிலும் பதில் சரியாகவே இருந்தது. எண்ணெய் மாற்றும் முறை ஒரு கையேட்டின் பராமரிப்புப் பகுதியிலும் இருக்கிறது, கோளாறு நீக்கும் பகுதியிலும் இருக்கிறது. நாங்கள் ஒன்றை மட்டும் குறித்திருந்தோம். ஒரு கேள்விக்கு ஏற்கத்தக்க பத்திகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்று குறிப்பை மாற்றியதும் 31 என்பது 35 ஆனது. கருவியில் ஒரு வரியும் மாறவில்லை, 57 சதவீதம் 65 ஆகிவிட்டது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. தவறியவற்றை மட்டும் திறந்து பார்த்துத் திருத்தினால் திருத்தம் ஒரே பக்கமாகத்தான் போகும். அதனால் ஹிட் என்று விழுந்த 31-ஐயும் படித்தோம். அவற்றில் தப்பு எதுவும் சிக்கவில்லை.

மீதி 19-இல் 7 பிழைக் குறியீடு பற்றியவை. கம்ப்ரசரின் பலகையில் E14 என்று எரியும், பணியாளர் ‘E14 வருது என்ன செய்யணும்’ என்று கேட்பார். எங்கள் தேடல் வெக்டர் தேடல், அதாவது பொருள் நெருக்கத்தைப் பார்ப்பது. அதற்கு E14-உம் E12-உம் E41-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். குறியீடு பற்றிய பத்திகளைத்தான் கொண்டுவந்தது, ஆனால் வேறு குறியீட்டின் பத்திகளை. படிக்கும் ஆளுக்கு இது பொருத்தமான முடிவு போலவே தெரியும், அதுதான் ஆபத்து.

6 கேள்விகளுக்குப் பதில் அட்டவணைகளில் இருந்தது. கையேட்டைப் பத்திகளாக வெட்டும்போது தலைப்பு ஒரு துண்டிலும் அட்டவணையின் கீழ்ப்பாதி அடுத்த துண்டிலும் விழுந்திருந்தன. அந்தக் கீழ்ப்பாதியைத் தனியாக எடுத்துப் படித்தால் ‘வடிகட்டி, 500 மணி, மாற்றவும்’ என்று வரிசையாக இருக்கும். எந்த இயந்திரம், எந்த வடிகட்டி என்று எழுதிய மனிதராலும் சொல்ல முடியாது.

இன்னும் 4, முன்பு சொன்ன ‘காத்து ஏறவே மாட்டேங்குது’ வகை. கடைசி 2 கேள்விகளுக்கு இரண்டு பத்திகளைச் சேர்த்துப் படித்தால்தான் பதில் கிடைக்கும். ஹிட் ரேட் என்ற அளவுகோலுக்குள் இவை சரியாக உட்காராது. இரண்டும் வந்தால்தான் ஹிட் என்று வைத்துக்கொண்டோம்.

9 சதவீதம் என்ற நாள்

அட்டவணையைத்தான் முதலில் எடுத்தோம். வெட்டும் முறையை மாற்றி, அட்டவணையை நடுவில் உடைக்காமல், ஒவ்வொரு துண்டின் தலையிலும் கையேட்டின் பெயரையும் பகுதித் தலைப்பையும் ஒட்டினோம். அளவை ஓட்டினோம். 54-க்கு 5. வெறும் 9 சதவீதம்!

தலைப்பு ஒட்டியதற்கா இவ்வளவு பெரிய வீழ்ச்சி என்று ஒரு மணி நேரம் குழம்பினோம். அப்புறம் தவறிய ஒரு கேள்வியைத் திறந்தால், சரியான பத்தி முதல் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் விடையாகக் குறித்திருந்தது 137-ஆம் துண்டு. புதிதாக வெட்டியதில் எண்கள் எல்லாம் நகர்ந்து, அந்தப் பத்தி இப்போது 121 ஆகிவிட்டது. 137-இல் வேறு ஏதோ இருக்கிறது. 9 சதவீதம் என்பதால்தான் பிழை சிக்கியது. எண்கள் பாதி மட்டும் நகர்ந்து 50 சதவீதம் வந்திருந்தால், தலைப்பு ஒட்டுவது கெடுதல் என்று முடிவுகட்டி அதை எடுத்திருப்போம்.

விடையைத் துண்டின் எண்ணோடு கட்டக்கூடாது, மூல நூலின் வாசகத்தோடு கட்ட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கோப்பின் பெயரையும், பதில் இருக்கும் இடத்திலிருந்து அப்படியே எடுத்த ஒரு சிறு வாசகத்தையும் எழுதினோம். அதை நங்கூரம் என்று அழைக்க ஆரம்பித்தோம். எடுத்த துண்டுக்குள் அந்த வாசகம் இருந்தால் ஹிட். இரண்டு பத்திகள் வேண்டிய அந்த 2 கேள்விகளுக்கு மட்டும் இந்தச் சோதனையை ஒவ்வொரு பத்திக்கும் தனியாக ஓட்டி, இரண்டும் தேறினால்தான் ஹிட் என்று எடுத்தோம்.

```python
import unicodedata

def clean(s):
    return " ".join(unicodedata.normalize("NFC", s).split())

def hit(anchors, chunks, k=5):
    return any(f == c["file"] and clean(a) in clean(c["text"])
               for f, a in anchors for c in chunks[:k])
```

இதில் NFC என்ற வரி அலங்காரத்துக்கு இல்லை. தமிழில் ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ொ’ என்ற ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். கையேடுகளின் கோப்புகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை, இரண்டு விதமும் கலந்திருந்தன. NFC இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்.

நங்கூரம் எவ்வளவு நீளம் என்பதும் கொஞ்சம் தடுமாற வைத்தது. நீளமாக எடுத்தால் துண்டின் எல்லை அதன் நடுவே விழுந்து, இருக்கும் பதிலை இல்லை என்று சொல்லும். சின்னதாக எடுத்தால் ‘வால்வை மூடவும்’ போன்ற வாசகம் கையேடு முழுக்க இறைந்து கிடக்கும், எந்தத் துண்டு வந்தாலும் ஹிட் விழும். ஆறேழு சொற்கள், அந்தக் கோப்பில் அது ஒரே இடத்தில்தான் வருகிறதா என்று எண்ணிப் பார்த்துச் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

புதுக் குறிப்போடு ஓட்டியதில் 54-க்கு 40. முன்பு தவறி இப்போது கிடைத்தவை 6, அவற்றில் 5 அட்டவணைக் கேள்விகள். முன்பு கிடைத்து இப்போது தவறியது 1.

துண்டின் அளவில் கை வைக்கும்போது இன்னொரு ஏமாற்றும் நடக்கும். துண்டுகளை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அதே 5 துண்டுகளில் இரண்டு மடங்கு உரை வருகிறது, ஹிட் ரேட் ஏறத்தான் செய்யும். தேடல் மேம்பட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதனால் துண்டு அளவுகளை ஒப்பிடும்போது துண்டு எண்ணிக்கையைச் சமமாக வைக்காமல், மொத்தச் சொற்களைச் சமமாக வைத்து அளந்தோம்.

40, 41, 46

அடுத்தது E14. வெக்டர் தேடலோடு சொல்லைச் சொல்லாகவே தேடும் BM25-ஐச் சேர்த்தோம். இரண்டு தேடல்களின் வரிசைகளையும் இணைக்க, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பத்தி இருக்கும் இடத்துக்கு `1/(60 + இடம்)` என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது வழக்கமான முறை, அதையே எடுத்துக்கொண்டோம். ஓட்டினோம். 40 என்பது 41 ஆனது. இவ்வளவு வேலைக்கு ஒரு கேள்வியா என்று கைவிட்டிருப்போம். ஆனால் அதற்குள் ஒரு நல்ல பழக்கம் வந்திருந்தது. சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எந்தெந்தக் கேள்வி புரண்டது என்ற பட்டியலைத்தான் திறப்போம். பட்டியலில் புதிதாகக் கிடைத்தவை 6, அத்தனையும் குறியீட்டுக் கேள்விகள். புதிதாகத் தவறியவை 5, அவற்றில் குறியீடு எதுவும் இல்லை, எல்லாம் சாதாரணத் தமிழ்க் கேள்விகள். ஆக ஒன்றும் நடக்காமல் இல்லை. நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் சேர்ந்து நடந்து ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன.

தமிழ்க் கேள்விகளில் மட்டும் கெடுகிறதென்றால், கோளாறு BM25-க்காகச் சொற்களைப் பிரிக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்த்தோம்.

```python
>>> import re
>>> re.findall(r"\w+", "வால்வு")
['வ', 'ல', 'வ']
```

பைத்தானின் `re` தொகுப்பில் `\w` என்பது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். காலும் புள்ளியும் உகரக் குறியும் யூனிகோடில் எழுத்துகள் இல்லை, எழுத்தோடு ஒட்டும் குறிகள். அதனால் சொல் ஒவ்வொரு குறியிலும் உடைகிறது. ‘வால்வு’ என்று தேடினால் வ-வும் ல-வும் இருக்கும் எல்லாப் பத்திகளும் பொருந்தும். E14-க்கு இந்தச் சிக்கல் இல்லை, அது முழுதாகவே நின்றது, அபூர்வமான சொல் என்பதால் பெரிய மதிப்பெண்ணும் பெற்றது. தமிழ்க் கேள்விகளுக்கோ BM25 கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில் ஒரு வரிசையைக் கொடுத்து, வெக்டர் தேடலின் நல்ல வரிசையையும் கலைத்துவிட்டது.

இடைவெளியில் பிரித்து, ஓரத்து நிறுத்தக்குறிகளை நீக்கும்படி மாற்றினோம். 46. அட்டவணைத் திருத்தத்துக்குப் பிந்தைய 40-ஓடு ஒப்பிட்டால் கிடைத்தவை 7, தவறியது 1. வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்கள், அதாவது வால்வை, வால்வில், வால்வுக்கு எல்லாம், இன்னும் BM25-க்குத் தனித்தனிச் சொற்கள்தான். அதை வெக்டர் தேடல் ஓரளவு ஈடுகட்டுகிறது என்று அத்தோடு விட்டோம்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? 54 கேள்விகள் என்றால் ஒரு கேள்வி புரண்டாலே கிட்டத்தட்ட 2 சதவீதம். தொடக்கத்தில் வந்த 31/54-ஐ வில்சன் முறையில் கணக்கிட்டால், 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான ஹிட் ரேட் இருக்கக்கூடிய வீச்சு, சுமார் 44 முதல் 70 வரை விரிகிறது. தனி எண்ணாகப் பார்த்தால் அது அவ்வளவு தளர்வானது. ஆனால் ஒரே கேள்விகளின்மேல் இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது, புரண்டவற்றை மட்டும் எண்ணினால் போதும். 6 ஏறி 1 இறங்கிய அட்டவணைத் திருத்தத்தைத் தனியாக எடுத்தால், நாணயம் சுண்டியதிலேயே இவ்வளவு ஒருசார்பாக விழும் வாய்ப்பு 0.125. அது மட்டும் இருந்தால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். குறிப்பு திருத்திய 35-இலிருந்து 46 வரை சேர்த்துப் பார்த்தால் 12 ஏறி 1 இறங்கியிருக்கிறது, வாய்ப்பு சுமார் 0.003. இது தற்செயல் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். எது எவ்வளவு உதவியது என்று அதே உறுதியோடு பிரித்துச் சொல்ல முடியாது.

46/54, 85 சதவீதம் என்று அறிக்கையில் எழுதினோம், ஆனால் ஒரு வரியோடு: இந்த 54 கேள்விகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கருவியைத் திருத்தியிருக்கிறோம், ஆகவே இந்த எண் எங்களுக்குச் சாதகமாகச் சாய்ந்தது. அதைச் சரிபார்க்க, முன்பு கேட்காத வேறு இரண்டு பணியாளர்களிடம் 30 புதுக் கேள்விகள் வாங்கி, அதே மாதிரி கையால் நங்கூரம் குறித்து, கருவியை எதுவும் தொடாமல் ஒரே ஒரு தடவை ஓட்டினோம். 30-க்கு 23, அதாவது 77 சதவீதம். 30 கேள்விகளில் இந்த வித்தியாசத்துக்கே பெரிய அர்த்தம் கொடுக்க முடியாது. ஆனாலும் யாராவது கேட்டால் 77-ஐத்தான் சொல்கிறோம்.

எழுதும் மாதிரியைப் பற்றிய பழைய வாக்குவாதத்துக்கும் இப்போது ஒரு வழி கிடைத்தது. பத்தி கிடைத்த கேள்விகளை மட்டும் எடுத்து, அவற்றின் பதில்களைத் தனியாகப் படித்து மதிப்பிடுகிறோம். அது வேறு அளவு, வேறு வேலை.

புதிதாகத் தவறிய 7-ஐயும் வழக்கம்போலத் திறந்தோம். முந்தைய தொகுப்பில் BM25-க்கும் பிடிபடாத ஒரே குறியீட்டுக் கேள்வியில் ‘E 14’ என்று நடுவில் இடைவெளி இருந்தது. அதை ஒட்டிவிட ஒரு வரி எழுதினால் தீரும் என்று குறித்துவைத்திருந்தோம். புதுத் தொகுப்பில் மூன்று கேள்விகள் குறியீட்டைப் பற்றியவை, மூன்றும் தவறியிருந்தன. இடைவெளி காரணம் இல்லை. அந்த மூன்றையும் கேட்ட பணியாளர் கேள்வியைத் தட்டச்சு செய்யவில்லை, கைப்பேசியில் பேசியிருக்கிறார். கைப்பேசி அதை ‘இ பதினாலு வருது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.